தங்கம் எந்த மாதத்தில் ஏறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் வந்தால் தங்கம் ஏறும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நேர் எதிராக நடந்தது.

இந்தப் பேச்சுக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது டிர்க் பாவர் என்ற பொருளாதார ஆய்வாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. 1980 முதல் 2010 வரையான தங்க விலையை மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தார். பன்னிரண்டு மாதங்களில் செப்டம்பர், நவம்பர் இரண்டில் மட்டும்தான் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க ஏற்றம் இருந்தது. வட நாடுகளில் அது இலையுதிர் காலம் என்பதால் 'இலையுதிர்கால விளைவு' என்று பெயர் வைத்தார். ஒழுங்காகச் செய்யப்பட்ட வேலை அது.

அந்தத் தரவு 2010-உடன் முடிகிறது. அதற்கு அடுத்த செப்டம்பரிலேயே, அதாவது 2011-இல், உலகச் சந்தைக்கு அளவுகோலான லண்டன் விலை மாதத் தொடக்கத்தில் அவுன்ஸ் 1,900 டாலரை ஒட்டிப் போய்விட்டு மாதக் கடைசியில் 1,620-க்கு வந்தது. ஆகஸ்ட் முடிவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 11 சதவீத இறக்கம். 2012 செப்டம்பர் ஏறியது. அப்புறம் 2013 முதல் 2023 வரை வந்த பதினொரு செப்டம்பர்களில் பத்தில் விலை இறங்கியது. ஏறியது 2016-இல் மட்டும், அதுவும் ஒரு சதவீத அளவுக்குத்தான். இந்த ஏற்ற இறக்கம் எல்லாமே டாலர் விலையில், ஒரு மாதக் கடைசியிலிருந்து அடுத்த மாதக் கடைசி வரை கணக்கிட்டது.

முப்பத்தொரு ஆண்டு கணக்கை நம்பி 2013-இலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் வாங்கி செப்டம்பர் கடைசியில் விற்ற ஒருவர், பதினொரு ஆண்டுகளில் பத்து முறை நஷ்டப்பட்டிருப்பார்.

அப்படியென்றால் அந்த ஆய்வு தப்பா?

தப்பில்லை. அது நடந்ததைச் சொன்னது. நடந்ததை இனி நடக்கப்போவதாக எடுத்துக்கொண்டது படித்தவர்கள்.

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலில், ஒரே ஒரு மாதம் சராசரியை எவ்வளவு தூக்கும் என்பது. 1999 கோடையில் தங்கம் அவுன்ஸ் 255 டாலர் அளவில் கிடந்தது. தன் கையிருப்பில் பாதிக்கு மேல் விற்கப்போவதாக பிரிட்டன் அந்த மே மாதம் அறிவித்திருந்தது. மற்ற நாடுகளும் விற்றுவிடும் என்று சந்தை பயந்தது. செப்டம்பர் 26-ஆம் தேதி, ஐ.எம்.எஃப். ஆண்டுக் கூட்டத்துக்காக வாஷிங்டனில் கூடியிருந்த ஐரோப்பிய மத்திய வங்கிகள் பதினைந்து சேர்ந்து, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 400 டன்னுக்கு மேல் விற்பதில்லை என்று அறிவித்தன. சில நாளில் விலை 299-ஐத் தொட்டது. அந்த ஒரு செப்டம்பரின் ஏற்றம் மட்டும் 17 சதவீதம்.

இதை 31-ஆல் வகுத்தால் 0.55 வரும். அதாவது முப்பத்தொரு செப்டம்பர்களின் சராசரியில் அரை சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு செப்டம்பர் கொடுத்தது. அறிவிப்பு ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி அக்டோபர் கணக்கில் விழுந்திருக்கும். செப்டம்பர் என்ற மாதத்துக்கும் மத்திய வங்கிகளின் அந்த முடிவுக்கும் கூட்டம் நடந்த தேதியைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது, பன்னிரண்டு முறை சோதிப்பது. 'நூற்றுக்கு ஐந்து முறைதான் தற்செயலாக வரும்' என்ற அளவுகோலை ஒரு மாதத்துக்கு வைத்தால் அது கடுமையான சோதனைதான். அதே அளவுகோலைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் வைத்தால், எந்த மாதத்திலும் ஒன்றுமே இல்லாதபோதும் குறைந்தது ஒரு மாதமாவது 'தேறிவிட' 46 சதவீத வாய்ப்பு உண்டு. 0.95-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள், வரும். கிட்டத்தட்ட பூவா தலையா. இதைச் சரிக்கட்டப் புள்ளியியலில் பழைய வழி ஒன்று இருக்கிறது: ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் நூற்றுக்கு 0.42 என்ற அளவுகோலை வைப்பது. இணையத்தில் சுற்றும் மாத அட்டவணைகளில் இதைச் செய்தவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, பதினொன்றில் பத்து செப்டம்பர் இறங்கியிருக்கிறதே. அப்போது 'செப்டம்பர் இறங்கும் மாதம்' என்றாவது சொல்லலாமே?

2023 கடைசியில் பலர் அப்படித்தான் சொன்னார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் மலைப்பாகவும் இருக்கும். ஒரு நாணயத்தைப் பதினொரு முறை சுண்டினால் பத்து முறைக்குக் குறையாமல் பூ விழ வாய்ப்பு 2,048-இல் 12, நூற்றில் 0.6 அளவு. இவ்வளவு அரிதானது தற்செயலாக இருக்குமா என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் நாம் செப்டம்பரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு 2013-இல் காத்திருக்கத் தொடங்கவில்லை. பன்னிரண்டு மாதங்களையும் பார்த்துவிட்டு, கண்ணில் பட்டதை எடுத்தோம். பத்து முறை இறங்கியிருந்தாலும் பேசியிருப்போம், பத்து முறை ஏறியிருந்தாலும் பேசியிருப்போம். இந்த இரண்டையும் சேர்த்தால், ஏதோ ஒரு மாதம் இவ்வளவு ஒருபக்கமாகச் சாய வாய்ப்பு நூற்றில் 13. அபூர்வம் இல்லை.

இன்னொரு சங்கதி, நாம் கணக்குக்கு எடுக்கும் காலச் சன்னல் எந்த ஆண்டில் தொடங்குகிறது, எந்த ஆண்டில் முடிகிறது என்பது. 2013-இல் தொடங்கி 2023-இல் முடித்தால்தான் பதினொன்றில் பத்து. பாவரின் தரவு முடிந்த இடத்திலிருந்து, 2011 முதல் 2025 வரை எடுத்தால் பதினைந்தில் பதினொன்றுதான் இறக்கம். 2024 செப்டம்பர் ஏறக்குறைய 5 சதவீதம் ஏறியது. 2025 செப்டம்பர் 10 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. பதினைந்து ஆண்டுகளில் ஏதோ ஒரு மாதம் 11-4 அளவுக்குச் சாய்வதற்கான வாய்ப்பு நூற்றில் 78. அதாவது அப்படி ஒரு மாதம் இல்லாமல் போனால்தான் ஆச்சரியப்பட வேண்டும். ஒரே மாதம், ஒரே விலை. சன்னலின் இரண்டு ஓரத்தைச் சற்று நகர்த்தியதும் 13 என்பது 78 ஆகிவிட்டது.

ஜனவரிக்கும் இதே கதை. 2014 முதல் 2020 வரை தொடர்ந்து ஏழு ஜனவரி ஏறியது. 'சீனப் புத்தாண்டு வாங்கல்' என்று காரணமும் தயாராக இருந்தது. 2021, 2022 இரண்டும் இறங்கின. சீனப் புத்தாண்டு அந்த ஆண்டுகளிலும் வந்தது.

இன்னும் நிறைய வருடக் கணக்கு எடுத்தால் தெளிவாகிவிடாதா?

தெளிவாகும், ஆனால் அவ்வளவு வருடம் நம்மிடம் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கம் ஒரு மாதத்தில் சாதாரணமாக எவ்வளவு ஆடும்? திட்ட விலக்கம் சுமார் 5 சதவீதம். அதாவது மூன்று மாதத்தில் இரண்டு மாதம் தன் சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்குள் மேலேயோ கீழேயோ இருக்கும், மீதி ஒன்று அதைத் தாண்டும். ஒரு குறிப்பிட்ட மாதம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. அதனால் முப்பத்தொரு ஆண்டு தரவு என்றால் முப்பத்தொரு செப்டம்பர், அவ்வளவுதான். தினசரி விலை எட்டாயிரம் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அது முப்பத்தொன்றுதான்.

சராசரியில் எவ்வளவு பிழை இருக்கும் என்பதற்கு 5-ஐ 31-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வருவது 0.9. நம்பிக்கை எல்லை அதைப்போல் இரு மடங்கு, அதாவது கூட்டிக் குறைத்து 1.8 சதவீதம். ஆக, 'செப்டம்பர் சராசரி ஏற்றம் 2 சதவீதம்' என்று அட்டவணை சொன்னால், உண்மையான எண் 0.2 ஆகவும் இருக்கலாம், 3.8 ஆகவும் இருக்கலாம்.

தங்க விலை சந்தையில் முழுச் சுதந்திரமாக அசையத் தொடங்கியதே 1971 ஆகஸ்டில் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்த பிறகுதான். அதற்கு முன் அவுன்ஸ் 35 டாலர் என்று கட்டி வைத்திருந்த விலையில் மாதக் கணக்கு பார்ப்பதில் அர்த்தமில்லை. எனவே அதிகபட்சம் ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து செப்டம்பர்கள். அப்போதும் எல்லை கூட்டிக் குறைத்து 1.4 சதவீதம்.

ஒரு மாதம் உண்மையிலேயே மற்ற மாதங்களைவிட 1 சதவீதம் கூடுதலாக ஏறும் என்றே வைத்துக்கொள்வோம். அதை வழக்கமான அளவுகோலில், ஐந்துக்கு நான்கு முறை பிடிக்கும் அளவுக்குத் தரவு வேண்டுமென்றால் ஏறக்குறைய 196 ஆண்டுகள் தேவை. அதுவும் பன்னிரண்டு மாதச் சரிக்கட்டலைச் செய்யாமல். 1971-இலிருந்து எண்ணினால் அது 2167-இல் முடியும்.

ஆகவே 'மாதப் பருவம் இல்லவே இல்லை' என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சிறிதாக இருந்தால் தெரியாது. பெரிதாக இருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும். தெரியவில்லை.

கல்யாண சீசன், தீபாவளி, அட்சய திருதியை வந்தால் எல்லோரும் வாங்குகிறார்கள். தேவை கூடினால் விலை கூடத்தானே வேண்டும்?

மல்லிகைக்கு இது அப்படியே பொருந்தும். மார்கழி, தை பனியில் பூ வரத்து குறையும். தையில் முகூர்த்தம் வரும். மதுரையில் கிலோ விலை பல மடங்காகும். ஏப்ரலில் பறித்த பூவைத் தைக்கு எடுத்து வைக்க முடியாது. அதனால் பருவம் விலையில் அப்படியே தெரிகிறது.

தங்கம் அழுகாது. இதுவரை தோண்டி எடுத்ததில் பெரும்பகுதி இன்றும் எங்கோ ஒரு பெட்டகத்திலோ பீரோவிலோ இருக்கிறது. அந்தக் கையிருப்பு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். சுரங்கங்கள் ஒரு ஆண்டில் புதிதாகத் தருவது ஏறக்குறைய 3,600 டன். இந்தியாவின் நுகர்வு 2023-இல் 750 டன்னை ஒட்டி இருந்தது. உலகக் கணக்கில் இது பெரிய பங்குதான், மறுக்கவில்லை. ஆனால் தீபாவளி எந்தத் தேதி என்பது லண்டனில் வியாபாரம் செய்பவருக்கும் ஓராண்டுக்கு முன்பே தெரியும். அக்டோபரில் 2 சதவீதம் ஏறும் என்று உறுதியாகத் தெரிந்தால் அவர் ஆகஸ்டிலேயே வாங்கி வைப்பார். பாதுகாத்து வைக்கும் செலவு மிகக் குறைவு. அவர் வாங்கியதும் ஆகஸ்ட் விலை ஏறிவிடும், அக்டோபரில் ஏற மிச்சம் இருக்காது. நகைக்கடைகளும் திருதியைக்கு முந்தின வாரமா சரக்கு எடுக்கின்றன? வெகு முன்பே எடுத்து, பட்டறைக்குக் கொடுத்து, நகையாக்கி வைத்திருப்பார்கள்.

விற்பனையில் பருவம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. விற்பனையின் பருவமும் விலையின் பருவமும் வேறு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நம் ஊர்ப் பேச்சில் அடிக்கடி நடக்கிறது.

2024 ஆடியில் விலை மடமடவென்று இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். ஆடியில் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால்தானே?

2024 ஜூலை 23, ஆடி 7. அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். சவரன் விலை அன்றே சரிந்தது அதனால்தான்.

நம் கடை விலை நான்கு விஷயங்களால் ஆனது: லண்டன் டாலர் விலை, ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது, இறக்குமதி வரி, அப்புறம் 3 சதவீத ஜி.எஸ்.டி. இதில் எது அசைந்தாலும் சவரன் அசையும். ஜூலை மாதமோ வரி மாற்றத்துக்குப் பேர்போன மாதமாகிவிட்டது. 2019 ஜூலை 5 பட்ஜெட்டில் 10-இலிருந்து 12.5 சதவீதமாக ஏற்றினார்கள். 2022 ஜூலை 1 அன்று மொத்த வரி 10.75-இலிருந்து 15 ஆனது. 2024-இல் மேலே சொன்ன குறைப்பு. ரூபாய் விலையை வைத்து மாத அட்டவணை போடுபவர், இந்த மூன்றையும் கழிக்காமல் போட்டால் அவர் அளப்பது நிதியமைச்சகத்தின் முடிவுகளைத்தான்.

என் அத்தை 2019 ஜூனில் வாங்க வேண்டிய நகையை, ஆடியில் இறங்கும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னதை நம்பித் தள்ளிப்போட்டார். வரி ஏறியது, டாலர் விலையும் ஏறியது. சவரன் 26,000 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, ஆடி முடிவதற்குள் 28,000-ஐத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு சவரன். அந்த வருத்தம் இன்னும் அவருக்குப் போகவில்லை. நான் இந்தக் கணக்குகளில் இவ்வளவு நேரம் செலவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆடித் தள்ளுபடி வேறு விஷயம். அது செய்கூலி, சேதாரத்தில் கடை விட்டுக்கொடுப்பது. அது நிஜமான சேமிப்பு. தங்க விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'40 வருடத்தில் 26 முறை ஏறிய மாதம்' என்று அட்டவணை போடுகிறார்கள். 65 சதவீதம் நல்ல வாய்ப்புதானே?

ஏறாத மாதத்தோடு ஒப்பிட்டால் நன்றாகத்தான் தெரியும். ஆனால் நீண்ட காலத்தில் தங்கம் ஏறியே வந்திருப்பதால், எந்த மாதத்தை எடுத்தாலும் பாதிக்குச் சற்று மேல் ஏறித்தான் இருக்கும். அதை 53 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40 வருடத்தில் சராசரி மாதம் ஒன்று 21 முறை ஏறும். தற்செயலில் மட்டும் இந்த எண்ணிக்கை மூன்று அளவுக்குக் கூடவோ குறையவோ செய்யும். பன்னிரண்டு மாதங்களில் எது முதலிடத்தில் நிற்கிறதோ அது, முழுக்க முழுக்கத் தற்செயலிலேயே, சராசரியாக 26 முறை ஏறியிருக்கும்.

அட்டவணை காட்டும் எண் அதேதான். ஒரு வகுப்பில் உயரமான பையனைக் காட்டி 'இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தால் உயரமாகலாம்' என்று சொல்வதற்கு நிகர் இது.

இதை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், பெரிய கணிதம் தேவையில்லை. மாதக் கடைசி விலைகளை எடுங்கள். மாதச் சராசரி விலையை எடுக்க வேண்டாம். சராசரி விலையில் ஒரு மாத அசைவு அடுத்த மாதத்துக்கும் கசியும். சதவீத மாற்றத்தை ஆண்டுக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு பத்தியாக அடுக்குங்கள். மொத்தச் சராசரியிலிருந்து மிக அதிகமாக விலகி நிற்கும் மாதம் எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு ஆண்டின் பன்னிரண்டு எண்களையும் அந்த ஆண்டுக்குள்ளேயே சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிடுங்கள். இப்போது 'செப்டம்பர்' என்ற பத்தியில் இருப்பது ஏதோ ஒரு மாதம். பருவம் என்று எதுவும் மிச்சமில்லை. மறுபடியும் அதிகமாக விலகும் மாதத்தைக் குறியுங்கள். இதைப் பத்தாயிரம் முறை செய்தால், பருவமே இல்லாத உலகில் முதலிட மாதம் எவ்வளவு விலகும் என்பது கிடைக்கும். பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
# r: வரிசை = ஆண்டு, பத்தி = மாதம்
def top(a):
    return np.abs(a.mean(axis=0) - a.mean()).max()
real = top(r)
fake = [top(rng.permuted(r, axis=1)) for _ in range(10000)]
print(np.mean(np.array(fake) >= real))
```

கடைசியில் வரும் எண் 0.05-க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு யோசிக்க விஷயம் இருக்கிறது. 0.3, 0.5 என்று வந்தால், கலைத்த சீட்டிலும் அதே அளவு 'பருவம்' தெரிகிறது என்று பொருள். பன்னிரண்டு மாதப் பிரச்சினையையும் இது தானாகவே சரிக்கட்டிவிடும், ஏனென்றால் கலைத்த தரவிலும் நாம் முதலிட மாதத்தைத்தான் எடுக்கிறோம்.

அதோடு நிறுத்தாமல் தரவைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். முதல் பாதியில் முதலிடம் பிடித்த மாதம் இரண்டாம் பாதியில் எத்தனையாவது இடம்? செப்டம்பரின் கதை வெளியானதே இப்படித்தான்.

மகள் கல்யாணம் அடுத்த வருடம். எந்த மாதம் வாங்கலாம்?

கணக்கை வைத்தே சொல்கிறேன். சவரன் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு 1 சதவீத சாதகம் உண்மையிலேயே இருந்தாலும் அது 600 ரூபாய். அதே மாதத்தின் சாதாரண ஆட்டம் இருபக்கமும் 3,000 ரூபாய். ஜி.எஸ்.டி. மட்டும் 1,800. செய்கூலியும் சேதாரமும் கடைக்குக் கடை மாறுவதில் இந்த 600-ஐப் போல் பல மடங்கு வித்தியாசம் வரும். அதனால் மாதத்தைத் தேடும் நேரத்தை இரண்டு மூன்று கடைகளில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்கி ஒப்பிடுவதற்குச் செலவிடுங்கள்.

விலை ஆட்டம் பயமாக இருந்தால் நான்கைந்து தவணையாகப் பிரித்து, கையில் பணம் வரும் மாதங்களில் வாங்குங்கள். இதனால் விலை குறையாது. ஒரே நாள் உச்சியில் மொத்தமும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். பட்ஜெட் நாளுக்கு முந்தின நாள் மட்டும் பெரிய தொகைக்கு வாங்காதீர்கள். அன்று வரி எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.